மார்கழியில் இலை உதிர்க்கும் அடினியம்: ஓய்வா, அழுகலா?

கடலூரிலும் புதுச்சேரியிலும் மொட்டைமாடியில் அடினியம் வளர்ப்பவர்களுக்குக் கார்த்திகை பிறந்ததும் ஒரு கவலை வந்துவிடும். புரட்டாசி வரை கொத்துக் கொத்தாகப் பூத்த செடியில் மொட்டு நின்றுவிடும். அடியிலிருந்து இலைகள் மஞ்சளாகி உதிரும். மார்கழி நடுவில் பார்த்தால் பருத்த அடித்தண்டும் மொட்டைக் கிளைகளும், கிளை நுனியில் நாலைந்து சிற்றிலைகளும்தான் மிஞ்சியிருக்கும். புதிதாகச் செடி வளர்க்கத் தொடங்கியவர் இதைக் கண்டதும் தண்ணீரைக் கூட்டுவார். அதற்கும் பலன் தெரியாவிட்டால் உரம் வைப்பார். செடி ஓய்வெடுத்துக்கொண்டிருந்தால் இந்த இரண்டுமே அதற்குக் கேடு. மாறாக, செடி உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தால், "ஓய்வுதானே, தானாகத் தளிர்க்கும்" என்று விட்டுவிடுவதும் கேடுதான். ஆகவே எது நடக்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தண்ணீரையும் உரத்தையும் பற்றி அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நம் ஊரில் இது ஏன் குழப்பமாகிறது

அடினியம் ஆப்பிரிக்காவின் வறண்ட பகுதிகளையும் அரேபியத் தீபகற்பத்தையும் பிறப்பிடமாகக் கொண்ட செடி. அங்கே குளிர்ச்சியான மாதங்கள் பெரும்பாலும் மழையற்ற மாதங்கள். இரவுச் சூடு ஏறத்தாழ 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அது இலைகளை உதிர்த்து, அடித்தண்டில் சேமித்த நீரைக் கொண்டு காலம் தள்ளும். வேர் அப்போது ஏறக்குறைய வேலையை நிறுத்திவிடும். மண்ணும் காய்ந்திருப்பதால் வேருக்கு ஆபத்து இல்லை.

நம் கடற்கரையில் கதை வேறு. ஜனவரியில்கூட இரவுச் சூடு 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். 15 டிகிரிக்கு இறங்குவதில்லை. எனவே இங்கே அடினியம் முழுத்தூக்கம் போடுவதில்லை, அரைத்தூக்கம்தான். வெயில் குறைவு, மேகமூட்டம், ஆனி மாதத்தை விட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் குறுகிய பகல், மழையில் ஊறிய மண் ஆகியவை சேர்ந்து அதன் வளர்ச்சியை மட்டுப்படுத்துகின்றன. வெயில் நன்றாகப்படும் தெற்கு மாடியில் உள்ள செடி பாதி இலைகளோடு நிற்கும். பக்கத்து வீட்டுச் சுவரின் நிழலில் இருப்பது மொட்டையாகிவிடும். இரண்டும் இயல்பே.

கவனிக்க வேண்டியது, செடி ஓய்வெடுக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் இங்கே ஒன்றாக வந்துவிடுகின்றன என்பதுதான். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட புயல் வராத ஆண்டுகளிலும் ஐப்பசி, கார்த்திகையில் தொட்டி மண் வாரக்கணக்கில் காய்வதே இல்லை. இலை குறைந்த செடி நீரை உறிஞ்சி வெளியேற்றாது. வேரைச் சுற்றி நீர் தேங்கும். காற்றுக்கு வழியில்லாமல் வேர் மூச்சடைத்து அழுகும். வேறு நாட்டு நூல்களிலும் காணொளிகளிலும் "குளிரிலிருந்து காப்பாற்றுங்கள்" என்றுதான் சொல்லப்படுகிறது. நம் ஊரில் காப்பாற்ற வேண்டியது ஈரத்திலிருந்து.

சோதிக்கும் முறை

முதலில் மண்ணைப் பாருங்கள், செடியை அல்ல. தென்னை ஈர்க்கு ஒன்றைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு உருவுங்கள். ஈர்க்கில் மண் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, தொட்டால் சில்லென்று இருந்தாலோ அடியில் ஈரம் இருக்கிறது. மேல்மண் வெளுத்துக் காய்ந்திருப்பதை நம்ப வேண்டாம். பத்து அங்குலத் தொட்டியில் மேலே இரண்டு அங்குலம் காய்ந்து, அடியில் சேறாக இருப்பது இந்த மாதங்களில் சாதாரணம். தொட்டியைத் தூக்கிப் பார்த்து எடையை மனத்தில் வைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம். சில முறை செய்தால் ஈர்க்கு இல்லாமலே தெரிந்துவிடும்.

அடுத்தது அடித்தண்டு. நர்சரிக்காரர்கள் இதைக் கிழங்கு என்றே சொல்வார்கள். கட்டைவிரலால் நாலா பக்கமும் அழுத்திப் பாருங்கள். குறிப்பாக மண்ணை ஒட்டிய இடத்தையும், அதற்கு ஒரு விரல்கடை கீழே மண்ணை விலக்கியும் அழுத்துங்கள். பச்சை உருளைக்கிழங்கைப் போல் கெட்டியாக இருந்தால் செடிக்கு ஒன்றும் இல்லை. இலை ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அது ஓய்வில்தான் இருக்கிறது. மெத்தென்று அமுங்கினால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் அவசரப்படக் கூடாது, ஏனென்றால் தாகத்தாலும் கிழங்கு மெத்தென்றாகும். தாகத்தில் கிழங்கு முழுவதும் ஒரே சீராகத் தளரும், தோல் சுருங்கும், ஈர்க்கு காய்ந்து வரும். அழுகலில் ஓர் இடம் மட்டும் அமுங்கும், பெரும்பாலும் மண்மட்டத்தில்; அந்த இடத்துத் தோல் கருத்தோ பழுப்பேறியோ இருக்கும்; அழுத்தினால் நீர் கசியும்; மோந்தால் புளித்த வாடை வரும்; ஈர்க்கில் ஈரம் இருக்கும். கிழங்கையும் மண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் விடை கிடைக்கும். கிழங்கை மட்டும் தொட்டுப் பார்த்து "வாடிவிட்டது" என்று தண்ணீர் ஊற்றிக் கொல்லப்பட்ட அடினியங்கள் ஏராளம்.

மூன்றாவதாக இலை உதிரும் விதம். ஓய்வுக்குப் போகும் செடி கிழட்டு இலைகளை முதலில் விடும். இலை முழுதும் ஒரே மாதிரி மஞ்சளாகும். தொட்டாலே காம்போடு கழன்று விழும். விழுந்த இடத்தில் சுத்தமான தழும்பு இருக்கும். கிளையின் நுனி மட்டும் இறுகிய பச்சை மொக்காக நிற்கும். நோய்ப்பட்ட செடியில் இந்த வரிசை தலைகீழாகும்: நுனி முதலில் வாடிக் கருகும், அல்லது ஒரு பக்கத்துக் கிளை மட்டும் தொங்கும், மற்றக் கிளைகள் நன்றாக இருக்கும். இலை பச்சையாகவே துவண்டு, உதிராமல் கிளையிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தால் வேரில் கோளாறு என்று கொள்ளலாம்.

இந்த இடத்தில் இரண்டு போலிகளை அறிந்திருக்க வேண்டும். மழை விட்ட சில நாள்களில் செடி திடீரென்று மொட்டையாகி, கீழே ஓர் உதிர்ந்த இலைகூட இல்லாமல், கிளையில் காம்புத் துண்டுகள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது ஓய்வும் அல்ல, அழுகலும் அல்ல. அரளியைத் தின்னும் பச்சைப் புழு வேலை காட்டியிருக்கிறது. தொட்டி மேல் மிளகு போன்ற எச்சம் கிடக்கும். விரலளவு பருத்த அந்தப் புழுவைத் தேடி எடுத்துவிட்டால் போதும். மற்றொன்று சிலந்திப்பேன், இது தை மாதத்தில், மழை நின்று காற்று உலரத் தொடங்கியதும் வரும். இலை முழுதும் மஞ்சளாகாமல் ஊசியால் குத்தியது போல் புள்ளி புள்ளியாக வெளுக்கும். வெள்ளைத் தாள் ஒன்றைக் கீழே பிடித்து இலையைத் தட்டினால் விழும் தூசியில் சில புள்ளிகள் நகரும். இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை மூன்று நாளுக்கு ஒருமுறை செய்து வந்தால் குறைந்துவிடும். கழுவும்போது மண்ணை ஒரு பிளாஸ்டிக் பையால் மூடிக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஐயம் தீரவில்லை என்றால் நகத்தால் சுரண்டிப் பார்க்கலாம். கிளை நுனியில் தொடங்கி, தோலை மயிரிழை அளவு மட்டும் கீறுங்கள். உள்ளே பச்சையும் ஈரப்பசையும் தெரிந்தால் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக இருந்தால் இரண்டு அங்குலம் கீழே இறங்கி மறுபடியும் கீறுங்கள். நுனி காய்ந்து, கீழே பச்சை இருந்தால் அது நுனிக்கருகல் மட்டுமே. பச்சை வரும் இடத்துக்குக் கீழே வெட்டிவிட்டால் நின்றுவிடும். அடினியத்தின் பால் நஞ்சுள்ளது என்பதால் கீறியதும் வெட்டியதும் கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட விடாதீர்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே மாடியில் இரண்டு தொட்டிகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டு மாடியில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு அடினியங்கள் மார்கழி முதல் வாரத்தில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தில், இலையில்லாமல் நிற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பத்து அங்குல மண்தொட்டியில், பருமணல் கலந்த மண்ணில் இருக்கிறது. மற்றொன்று நர்சரியிலிருந்து வந்த களிச்செம்மண் உருண்டையோடு அப்படியே பிளாஸ்டிக் தொட்டிக்குள் இறக்கப்பட்டு, தரை நனையாமலிருக்கத் தட்டு ஒன்றின் மேல் வைக்கப்பட்டிருக்கிறது.

மண்தொட்டியில் ஈர்க்கு காய்ந்து வருகிறது. கிழங்கு எல்லாப் பக்கமும் லேசாகத் தளர்ந்து, தோலில் மெல்லிய சுருக்கம் விழுந்திருக்கிறது. கிளை நுனிகள் பச்சையாக இறுகியிருக்கின்றன. இது ஓய்வு, கூடவே கொஞ்சம் தாகம். அரை லிட்டர் தண்ணீர் காலையில் ஊற்றினால் ஒரு வாரத்துக்குள் கிழங்கு மீண்டும் இறுகும். இறுகினால் கணிப்பு சரி. ஈரம் இருந்தும் இறுகவில்லை என்றால் வேர் நீரை எடுக்கவில்லை என்று பொருள், செடியை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் தொட்டியின் தட்டில் தண்ணீர் நிற்கிறது. ஈர்க்கு சேறோடு வருகிறது. கிழங்கின் மேல்பாதி கெட்டி. மண்ணை விலக்கினால் கிழக்குப் பக்கத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓரிடம் அமுங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டு செடியும் ஒன்றுபோல்தான் தெரியும். ஆனால் இதை இன்றே பிடுங்க வேண்டும். மறு ஞாயிறு வரை தள்ளிப்போட்டால் அழுகல் கிழங்கின் நடுவுக்குப் போய்விடும்.

பிடுங்கி, மண்ணைக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்த கத்தியால் அமுங்கும் பகுதியைச் சீவுங்கள். பழுப்பு நிறம் அடியோடு மறைந்து, வெண்மையான கெட்டிச் சதை தெரியும்வரை சீவ வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்க வேண்டும். மிச்சம் வைத்த ஒரு பழுப்புக் கீற்று முழு வேலையையும் பாழாக்கும், ஆகவே இங்கே கருமித்தனம் கூடாது. வெட்டுவாயில் மான்கோசெப் அல்லது கார்பன்டாசிம் பூஞ்சைக்கொல்லிப் பொடியைத் தடவி, மழைச்சாரல் படாத, காற்றோட்டமுள்ள நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். கோடையில் ஒரு வாரத்தில் வெட்டுவாய் காய்ந்துவிடும். மார்கழியின் ஈரக்காற்றில் இரண்டு வாரமும் ஆகலாம். தொட்டால் காய்ந்த தக்கையைப் போல இருக்கும்போதுதான் உலர்ந்த புது மண்ணில் நட வேண்டும். நட்ட பிறகும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். இலை இல்லாமல், வேரும் குறைந்த செடி இத்தனை நாள் எப்படித் தாங்கும் என்று அஞ்ச வேண்டாம். தன் கிழங்கு நீரிலேயே அது தாங்கும். கிழங்கின் நடுப்பகுதி குறுக்கே முழுவதும் பழுப்பேறி அழுகியிருந்தால் மட்டும் காப்பாற்ற முடியாது. அப்போது கெட்டியான கிளைகளை வெட்டிக் காயவைத்துப் பதியன் போடலாம். விதைச்செடியைப் போல் அழகான கிழங்கு அதில் எளிதில் திரளாது என்றாலும் அதே பூ கிடைக்கும்.

தண்ணீரைக் குறைப்பது எப்படி

வேலை ஐப்பசியிலேயே, மழை வலுக்கும் முன்பே தொடங்குகிறது. தொட்டிக்கு அடியில் தட்டு இருந்தால் எடுத்துவிடுங்கள். வடிகால் துளை தரையோடு ஒட்டாதபடி தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி வையுங்கள். சன்ஷேடுக்கு அடியிலோ, மாடியில் போட்ட ஷீட்டுக்கு அடியிலோ, மழை நேராக விழாத ஆனால் வெயில் கிடைக்கும் இடத்துக்கு மாற்றுங்கள். மாற்ற இடமில்லாதவர்கள் தொடர்மழை நாள்களில் தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைக்கலாம். பார்க்க நன்றாக இராது, ஆனால் வேர் பிழைக்கும்.

மழைக்குள் இருக்கும் செடிக்குக் கார்த்திகை முடியும்வரை நீங்கள் ஒரு சொட்டும் ஊற்ற வேண்டியதில்லை. கூரைக்கு அடியில் இருப்பதற்கு மட்டும் கணக்கு வேண்டும். ஈர்க்கு அடிவரை காய்ந்து வந்து, கிழங்கும் லேசாகத் தளரத் தொடங்கினால், பத்து அங்குலத் தொட்டிக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். மார்கழியில் இது பொதுவாகப் பத்து முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறை என்று அமையும். தையில், காற்று உலர்ந்த பிறகு, வாரம் ஒருமுறையாகும். நாள்காட்டியைப் பார்த்து ஊற்றாமல் ஈர்க்கைப் பார்த்து ஊற்றுங்கள். மாலையில் ஊற்றினால் இரவு முழுதும் மண்ணில் ஈரமும் மேலே பனியும் சேர்ந்து நிற்கும். எனவே காலை ஒன்பது மணிக்கு மேல், வெயில் வந்த பிறகு ஊற்றுவது நல்லது.

உரத்தை நிறுத்துவது ஏன்

கடைசி உரம் புரட்டாசியோடு முடிந்துவிட வேண்டும். வேர் வேலை செய்யாத காலத்தில் போட்ட ரசாயன உரம் எடுத்துக்கொள்ளப்படாமல் உப்பாக மண்ணில் தங்கும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சு படிவது இதன் அடையாளம். கடலைப் புண்ணாக்கு ஊறவைத்த நீர் இன்னும் மோசம். கோடையில் விரைவில் மட்கிவிடும் அது, குளிர்ந்த ஈரமண்ணில் புளித்து நாறி, அழுகல் பூஞ்சைக்குத் தீனியாகும். தழைச்சத்து மிகுந்த எந்த உரமும் இந்தக் காலத்தில் தப்பித்தவறி வேலை செய்தாலும், வெளிறிய நீண்ட தளிரைத்தான் தரும். மாவுப்பூச்சி முதலில் மொய்ப்பது அதில்தான்.

எல்லாச் செடிக்கும் இதே விதியா

இல்லை. நம் ஊர்க் குண்டுமல்லியும் இதே மாதங்களில் பூவை நிறுத்தி ஓய்வெடுக்கும், ஆனால் அதை நடத்தும் முறை நேரெதிர். மல்லிக்குத் தண்ணீரை முற்றாக நிறுத்தக் கூடாது. நவம்பர் இறுதியில், கனமழை ஓய்ந்ததும், தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கவாத்து செய்து, உடனே தொழு உரமும் வைக்க வேண்டும். அந்தக் கவாத்தில் வரும் தளிரில்தான் பங்குனிப் பூ இருக்கிறது. செங்காந்தளும் கலேடியமும் மூன்றாவது வகை. இவற்றில் மண்ணுக்கு மேலே எதுவுமே மிஞ்சாது. விரலை மண்ணுக்குள் விட்டுக் கிழங்கு கெட்டியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, தண்ணீரை முழுதும் நிறுத்தித் தொட்டியை ஓரமாக வைத்துவிடலாம். செத்துவிட்டது என்று எண்ணி மண்ணோடு கொட்டிவிடுவதுதான் இவற்றில் வழக்கமாக நடக்கும் தவறு. செம்பருத்தி உறங்குவதே இல்லை, கொஞ்சம் மந்தமாகும். அதற்கு மண்ணின் ஈரத்தைப் பார்த்துத் தண்ணீர் குறைத்தால் போதும். இலை மொத்தமாகக் கொட்டினால் அதை ஓய்வு என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது.

மீண்டும் தொடங்கும்போது

மாசி முதல் வாரத்தில் அடினியத்தின் நுனி மொக்கு பிரிந்து, பளபளப்பான சிற்றிலைகள் வெளிவரும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். இலை வந்ததும் உரம் வைப்பது சரியல்ல. இலை முதலில் கிழங்கின் சேமிப்பில் வளரும், புது வேர் அதன் பிறகுதான் ஓடும். வரிசை இப்படி இருக்கட்டும்: தளிர் கண்ட வாரத்தில் முழு வெயிலுக்கு மாற்றி, நீளக் கிளைகளை வெட்டி, தேவைப்பட்டால் மண் மாற்றுங்கள். செம்மண் ஒரு பங்கு, பருமணல் அல்லது பொடித்த செங்கல் இரண்டு பங்கு, நன்கு மட்கிய தொழு உரம் அரைப் பங்கு என்ற கலவை நம் மழைக்கும் தாங்கும். மண் மாற்றியிருந்தால் ஒரு வாரம் கழித்து, மாற்றாவிட்டால் உடனே, துளை வழியே வடியும்வரை முழுத் தண்ணீர் ஊற்றி, பிறகு ஈர்க்கு பாதி ஆழம் காய்ந்ததும் அடுத்த தண்ணீர் என்று கூட்டிக்கொண்டு போங்கள்.

புது இலைகள் விரல் நீளம் வளர்ந்து, மூன்று நான்கு அடுக்கு சேர்ந்த பிறகு, பெரும்பாலும் மாசிக் கடைசியில், முதல் உரம் வைக்கலாம். 19:19:19 உரம் லிட்டருக்கு ஒரு கிராம் கரைத்து, ஈரமான மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் கருகும். பதினைந்து நாள் கழித்துப் புது இலை ஓரம் கருகாமல் இருந்தால் லிட்டருக்கு இரண்டு கிராமாக உயர்த்தலாம். கருகியிருந்தால் வெறும் தண்ணீரை இரண்டு முறை நிறைய ஊற்றி வடித்துவிட்டு, அடுத்த உரத்தைப் பங்குனிக் கடைசிக்குத் தள்ளிப்போடுங்கள்.